விடுமுறை கேட்ட ஓட்டக்காரன்

கந்தோர் வாழ்க்கையில் மனிதரின் நல்லது கெட்டதெல்லாம் விடுமுறைக் கடிதங்களாகவே நம் முன் வந்து நிற்கும். காய்ச்சல், கல்யாணம், மரணம், ஊர்க் கோயில் தேர்த்திருவிழா என்று எதுவாயினும் அரைத் தாளில் அடங்கி, மேசை மீது ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும். கொழும்பில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் இலிகிதனாகச் சேர்ந்து, பிரதம இலிகிதனாக 2012ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை, அத்தகைய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் என் கை வழியே சென்றன. அவற்றுள் பெரும்பாலானவை மறந்துபோயின. ஒன்று மட்டும் மறக்கவில்லை. அது நான் மறுக்கச் சொன்ன கடிதம்.

1994ஆம் ஆண்டு அது. எங்கள் களஞ்சியப் பகுதியில் வேலை பார்த்த ஓர் இளைஞன், மெய்வல்லுநர் போட்டிகளில் 400 மீற்றர் ஓடுபவன். தேசியப் பயிற்சி முகாமொன்றிற்கு அழைப்பு வந்திருப்பதாகவும், ஒன்றரை மாத விடுமுறை வேண்டுமென்றும் எழுதித் தந்தான். ஆறே வரிகள். அவற்றில் நான்கு வரிகள் தாய்நாட்டின் பெருமையைப் பற்றியவை. நான் அதன் ஓரத்தில், "வேலைப் பளு காரணமாக அனுமதித்தல் இயலாது" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். மேலே இருந்தவர் என் குறிப்பின் கீழ் ஒப்பமிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவன் வாதாடவில்லை. ஓட்டத்திற்கான ஆணிச் சப்பாத்துகளைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி மேசைக்கடியில் வைத்திருப்பான். மாலையில் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவான். சில மாதங்கள் அந்தப் பொதி அவிழ்க்கப்படாமலே அங்கே கிடந்தது. பின்னர் ஒருநாள் அதுவும் காணாமற் போயிற்று. அவன் நல்ல ஊழியனாகவே தொடர்ந்து இருந்தான், ஓட்டக்காரனாக இருக்கவில்லை.

நான் கொடுமைக்காரனல்லன் என்று என்னை நானே பலமுறை தேற்றிக்கொண்டதுண்டு. அந்தக் கடிதத்தில் நான் தீர்மானிப்பதற்கு வேண்டிய செய்தி ஒன்றுமே இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால், அதனைக் கேட்டறியும் கடமை எனக்கு இருந்தது என்பதும் உண்மையே.

இந்தப் பழைய நினைவை மீண்டும் கிளறிவிட்டவன் வேறோர் இளைஞன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையிற் குடியிருக்கும் அவன், கையில் ஒரு தாளுடன் வந்தான். தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பகுதியில் மூன்றாவது ஆண்டாக வேலை பார்ப்பவன். 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் தேசியப் பயிற்சிக் குழுவுக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்தான். முகாம் கொழும்பிலேயே, தங்கியிருந்து பயிலும் முறையில், ஆறு வாரம்.

கடிதத்தை வாசித்தேன். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அதே வாசகங்கள்! தாய்நாடு, பெருமை, வாழ்நாளில் ஒரு முறை கிட்டும் வாய்ப்பு, பணிவான வேண்டுகோள்.

"ஐயா, உதிலை ஏதும் பிழை இருக்கோ?" என்று கேட்டான்.

"பிழை ஒண்டும் இல்லைத் தம்பி. ஆனால் உம்முடைய முகாமையாளருக்கு வேண்டிய சங்கதியும் ஒண்டும் இதிலை இல்லை. இரும், முதலிலை நான் முகாமையாளராகக் கேள்வி கேக்கிறன், நீர் பதில் சொல்லும்" என்றேன்.

அன்று முற்பகல் முழுவதும் அந்தக் கடிதத்துடன் கழிந்தது. அதன் விளைவாக நான் கற்றவற்றையே நேயர்களுக்கு இங்கே சொல்ல விழைகின்றேன்.

முகாமையாளராக நான் கேட்ட முதற் கேள்வி, எவரும் கேட்கக்கூடியதே: "வேலை முடிந்த பின் மாலை வேளையிற் பயிலலாமே, அதற்கு ஏன் ஆறு வாரம் விலகியிருக்க வேண்டும்?" இதற்கு "முகாம் மிக முக்கியமானது" என்பது விடையாகாது. அவன் சிறிது யோசித்துவிட்டு, என் மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்து விளக்கத் தொடங்கினான்.

அந்த ஓட்டத்தில் 10 தடைகள். ஆடவருக்குத் தடையின் உயரம் 91.4 சென்ரிமீற்றர். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடை வரை 45 மீற்றர். பின்னர் தடைக்குத் தடை 35 மீற்றர். கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு 40 மீற்றர். தடைக்கு ஏறத்தாழ 2.2 மீற்றர் முன்னே கால் எழும், 1.2 மீற்றர் அப்பால் கால் பதியும். ஆகவே இரு தடைகளுக்கிடையில் ஓடிக் கடக்க வேண்டியது 31.6 மீற்றரளவு. அதனை அவன் 15 எட்டுகளில் ஓடுகின்றான், எட்டுக்கு 2.1 மீற்றர் வரும். ஒற்றைப்படை எண்ணில் ஓடினால் ஒவ்வொரு தடையிலும் ஒரே காலால் எழலாம். இப்போது களைத்த காலுடன் ஓடுகின்றான் என்று கொள்வோம். ஒவ்வோர் எட்டும் 10 சென்ரிமீற்றர் மட்டுமே குறுகினாலும், 15 எட்டுகளில் ஒன்றரை மீற்றர் குறைந்துவிடும். தடை அவனுக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். கடைசி நேரத்திற் குறும் எட்டுகளை இட்டு வேகத்தை இழக்க வேண்டும். அல்லது பழகாத காலால் எழ வேண்டும்.

"காலமை எட்டரைக்கு மேசையிலை குந்தி, பின்னேரம் பஸ்ஸிலை நிண்டு, ஆறரைக்குத்தான் மைதானத்துக்குப் போறன், ஐயா. அந்தக் காலோடை பழகினால் களைச்ச எட்டுத்தான் பழக்கமாகும். முகாமிலை காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, நடுவிலை நித்திரை. பயிற்றுநர் ஒவ்வொரு தடையிலும் கால் பதியிற நேரத்தைக் குறிச்சு, எந்தத் தடையிலை எட்டுக் குறுகுது எண்டு சொல்லுவார்."

"இதைத்தான் தம்பி எழுத வேணும்" என்றேன். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் டங்கன் வைற் இதே ஓட்டத்தை 51.8 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பது நம்மில் அநேகர் அறிந்ததே. அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுத அவன் ஆசைப்பட்டான். நான் தடுத்தேன். டங்கன் வைற்றின் புகழ் முகாமையாளரின் ஐயத்தைத் தீர்க்காது. ஒன்றரை மீற்றர்க் கணக்கு தீர்க்கும்.

அடுத்தது நாட்கணக்கு. விடுமுறை கேட்பவர் தம் உரிமை எவ்வளவு, சலுகையாகக் கேட்பது எவ்வளவு என்று பிரித்தறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் தனியார் அலுவலக ஊழியர்க்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும், 7 நாள் அமைய விடுமுறையும், அதாவது நாம் கஷுவல் லீவு என்று சொல்வதும், சம்பளத்துடன் வழங்குகின்றது. படையிலோ பொலிஸிலோ சேர்ந்த வீரருக்குள்ள வசதி இவனுக்கு இல்லை; அவர்களுக்கு விளையாட்டும் சேவையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படும். நம் வீரர் பலர் அங்கே சென்று சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறு வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை 30 நாட்கள். அவற்றில் ஒன்று போயா தினம். எஞ்சியவை 29 வேலைநாட்கள். அவன் 14 நாள் வருடாந்த விடுமுறை முழுவதையும் இதற்கே தருவதாகச் சொன்னான். அமைய விடுமுறையையும் சேர்த்துவிடலாமே என்றான். வேண்டாம் என்றேன். அது எதிர்பாராத நோய்க்கும் சொந்த அலுவலுக்கும் உரியது. பல நிறுவனங்கள் அதனை வருடாந்த விடுமுறையுடன் ஒட்டவிடுவதில்லை. அன்றியும், அதனை முழுதும் தீர்த்துவிட்டால், முகாமிலிருந்து வந்த பின் ஒரு நாட் காய்ச்சலுக்கும் கைநீட்ட வேண்டி வரும். எனவே குறை 15 நாட்கள். அவன் கேட்பது ஒன்றரை மாதமன்று, 15 நாட்களே. தேசத்தைப் பற்றிய நான்கு வரிகளைவிட இந்த ஒரு வரிக்கு வலிமை அதிகம்.

இனி நிறுவனத்துக்கு நன்மை என்ன என்ற வினா. அவன் கடிதத்தில் அதற்கும் ஒரு பந்தி இருந்தது. பத்திரிகைகளில் நிறுவனத்தின் பெயர் வரும், விளையாட்டினால் ஒழுக்கமும் தலைமைத்துவமும் வளரும் என்று எழுதியிருந்தான். முதலாவதை அவனால் உறுதி சொல்ல முடியாது. தேசிய முகாமிலும் தேசிய அணியிலும் அவன் அணியும் உடையில் அவன் நிறுவனத்தின் பெயர் இராது. தன் கையில் இல்லாததை வாக்களிப்பது பின்னர் மனக்கசப்பையே தரும். இரண்டாவது, எல்லாரும் எழுதுவது. எவரும் அளந்து பார்க்க முடியாதது.

இங்கே ஓர் உதாரணம் நினைவுக்கு வந்தது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கரப்பந்தாட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்ற யப்பானிய அணியினருட் பெரும்பாலோர், ஒசாக்காவுக்கு அண்மையில் கைசூக்கா என்னுமிடத்திலிருந்த நிச்சிபோ என்ற நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் கந்தோர் வேலை. பிற்பகல் தொடங்கி இரவு நெடுநேரம் வரை தைமாட்சு என்ற பயிற்றுநரின் கீழ்ப் பயிற்சி. அந்தப் பயிற்றுநரும் அதே ஆலையின் ஊழியரே. அணி ஆலையின் அணி. புகழிலும் ஆலைக்கு நேரே பங்கு இருந்தது. நம் இளைஞனின் நிலை அதுவன்று. அவனது நிறுவனம் ஓட்டப்பந்தய அணி நடத்தவில்லை. கணக்கெழுத ஓர் ஆள் வைத்திருக்கின்றது. ஆகவே அந்தக் கணக்கெழுதும் ஆசனத்தை வைத்தே நன்மையைத் தேட வேண்டும்.

"தம்பி, உம்முடைய வேலை என்ன? விபரமாய்ச் சொல்லும்."

காசேட்டையும் வங்கிக் கூற்றையும் மாதந்தோறும் ஒப்பிட்டு இணக்கக் கூற்றுத் தயாரிப்பது அவன் பொறுப்பு. இரண்டரை ஆண்டாக அவனைத் தவிர வேறெவரும் அதனைத் தொட்டதில்லை. ஒன்றிரண்டு நாள் அவன் வராவிட்டால் வேலை அவனுக்காகக் காத்திருக்கும்.

இதைக் கேட்டதும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. வங்கித் தொழிலில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பான ஆசனத்திலிருப்பவர் ஆண்டுக்கொரு முறையேனும் தொடர்ச்சியாகச் சில நாட்கள், சில நாடுகளில் இரண்டு வாரங்கள், கட்டாயமாக விலகியிருக்க வேண்டும். அந்நாட்களில் அவர் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். ஒருவர் ஓய்வெடுக்க வேண்டும் என்ற கருணை மட்டும் இதற்குக் காரணமன்று. மறைத்து வைத்த மோசடியும், மறைக்காமலே பழக்கத்தால் நிலைத்துவிட்ட தவறும், புதிய கண் படும்போதுதான் வெளிப்படும். ஒருநாள் இருநாள் விடுமுறையில் இது நிகழாது. மாத முடிவு ஒன்றேனும் அந்த இடைவெளியில் விழ வேண்டும். அவனது முகாமோ ஒரு மாத முடிவை உள்ளடக்கியிருந்தது. அவன் அதைத் தன் விண்ணப்பத்தின் பெருங்குறையென அஞ்சியிருந்தான். உண்மையில் அதுவே நிறுவனத்துக்குக் கிடைக்கும் நன்மைகளில் முதலாவது.

இரண்டாவது நன்மை, அவன் வேலையை இன்னொருவர் கற்றுக்கொள்வது. முகாமுக்கு முந்திய இரு வாரங்களில் பக்கத்து மேசைச் சகோதரிக்கு அவன் அந்த வேலையைப் பழக்கி, படிமுறைகளை எழுதி வைத்துவிட்டுச் செல்வான். நாளை அவன் நோயுற்றாலும் வேறு வேலைக்குப் போனாலும் அந்தக் குறிப்பு நிறுவனத்திடம் இருக்கும். மூன்றாவது, நிறுவனங்களுக்கிடையிலான வர்த்தகத்துறை மெய்வல்லுநர் போட்டியில் அவன் நிறுவனத்துக்காக ஓடுவான். முகாமிற் கற்றதைச் சக ஊழியர்க்கு வாரம் ஒரு மாலை சொல்லிக்கொடுப்பான். இம்மூன்றும் அவன் கைக்குள் அடங்கியவை. செய்தானா இல்லையா என்று பார்க்கக்கூடியவை. இவற்றுக்கு மேல் நான்காவதொன்றை எழுத நான் விடவில்லை.

நன்மையை எழுதுமுன் செலவை எழுத வேண்டுமென்றும் சொன்னேன். "ஏன் ஐயா, நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?" என்றான். முகாமையாளர் எப்படியும் கணக்குப் பார்ப்பார். நாமே பார்த்துக் காட்டினால், பின்னால் வரும் நன்மைகளையும் நம்புவார். செலவு எவை? 15 நாட் சம்பளம். பக்கத்து மேசைக்கு ஏறும் வேலை. மாத முடிவில் ஏற்படக்கூடிய தாமதம். அந்த 15 நாட்களுக்குச் சம்பளம் வழங்கினால் நன்று, இயலாதெனில் சம்பளமற்ற விடுமுறையாயினும் தருக என்று இரு படிகளாகக் கேட்கச் சொன்னேன். சம்பளமற்ற நாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கும் பணம் சேராது என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. அறிந்த பின்னும் சம்மதித்தான்.

காயம் பட்டால் என்ன என்ற கேள்வியும் எஞ்சியிருந்தது. முகாமில் ஏற்படும் காயம் வேலையின் நிமித்தம் ஏற்பட்ட காயமாகாது. வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நிறுவனம் அதற்குப் பொறுப்பன்று. வைத்தியச் செலவை யார் ஏற்பார் என்பதைச் சங்கத்திடம் எழுத்திற் கேட்டு வாங்கி இணைக்க வேண்டும். சங்கச் செயலாளர் கையொப்பமிட்ட தெரிவுக் கடிதத்தில் தொடக்கத் திகதியும், முடிவுத் திகதியும், இடமும் இருக்க வேண்டும். திகதியற்ற அழைப்புக் கடிதமே இத்தகைய விண்ணப்பங்களைக் கெடுக்கும் முதற் குறை. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தைப் பெறலாமென்று அவன் மாமா சொன்னாராம். வேண்டவே வேண்டாம் என்றேன். சிபாரிசு வந்தால் முகாமையாளர் தீர்மானிப்பவராக இராது, பணிந்து போகிறவராக ஆகிவிடுவார். அந்த உணர்வு ஆறு வாரத்தின் பின்னும் அவர் மனத்தில் இருக்கும்.

இறுதியில் உருவான கடிதம் ஆங்கிலத்தில் ஒரே பக்கம். அதன் சாரத்தைத் தமிழில் தருகின்றேன்:

"தேசியப் பயிற்சி முகாமில் ஆறு வாரம் பயிலத் தெரிவாகியுள்ளேன், தெரிவுக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. இக்காலத்தில் 29 வேலைநாட்கள் அடங்கும். அவற்றுள் 14 நாட்களுக்கு என் வருடாந்த விடுமுறையைப் பயன்படுத்துகின்றேன். எஞ்சிய 15 நாட்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விசேட விடுமுறை வேண்டுகின்றேன். அது இயலாதெனில் சம்பளமற்ற விடுமுறையை ஏற்றுக்கொள்வேன். மாலைப் பயிற்சி போதாமைக்குக் காரணத்தைக் கீழே விளக்கியுள்ளேன். என் விலகலால் ஒரு மாத முடிவு இணக்கக் கூற்று என்னாலன்றிப் பிறராற் செய்யப்பட வேண்டியிருக்கும். அதற்கென இரு வாரம் முன்னதாகப் பயிற்றுவித்து, எழுத்துக் குறிப்பும் ஒப்படைப்பேன். என் வேலை வேறொருவராற் பரிசீலிக்கப்படுவது நிறுவனத்துக்கு நன்மையென நம்புகின்றேன். முகாம் மதிய ஓய்வில், ஒரு மணி முதல் இரண்டு மணி வரை, தொலைபேசியில் விடையளிப்பேன். முகாமில் இடம்பெறுவதால் மட்டும் தேசிய அணியில் இடம் உறுதியாவதில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கின்றேன். முகாம் நீடிக்கப்பட்டால், தங்கள் அனுமதியின்றித் தங்கமாட்டேன்."

கடைசிக்கு முந்திய வாக்கியத்தை எழுத அவன் மிகவும் தயங்கினான். அதுதான் அந்தக் கடிதத்திலேயே நேர்மையான வாக்கியம் என்று சொல்லி எழுதுவித்தேன்.

மூன்றாம் நாள் முகாமையாளர் அழைத்தாராம். தேசத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "மாத முடிவில் ஒரு நாள் வர முடியுமா?" என்பதே அவர் முதற் கேள்வி. பயிற்றுநரைக் கேட்டான், கடும் பயிற்சியின் பின் வரும் இலேசான நாளொன்றில் விட்டுக்கொடுக்க அவர் இசைந்தார். ஆகவே 29 நாட்கள் இவ்வாறு பிரிந்தன: 14 நாள் வருடாந்த விடுமுறை, 9 நாள் சம்பளத்துடன் விசேட விடுமுறை, 5 நாள் சம்பளமற்ற விடுமுறை, ஒரு நாள் வேலை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. போவதற்கு அது போதுமாயிருந்தது.

அந்த 9 நாட் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓடப் போனவனுக்கு வேலைக்குரிய கூலி ஏன் என்ற வாதம் புதிதன்று. 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதி றக்பிக் கழகங்கள் தாய்ச் சங்கத்தைவிட்டுப் பிரிந்ததே, ஆட்டத்துக்காக வேலையிழந்த ஆலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அந்த நாளின் கூலியை ஈடு செய்யலாமா என்ற வினாவிலேதான். ஒலிம்பிக் இயக்கமும் இதனை வெகுகாலம் எதிர்த்தது. 1974இல் அதன் தகுதி விதிகள் திருத்தப்பட்ட பின்னரே இழந்த சம்பளத்துக்கு ஈடு பெறுவது குற்றமாகாதாயிற்று. பழைய விதி நடுநிலையானதுபோற் தோன்றும். ஆனால், நாட்கூலியை நம்பாதவனுக்கு மட்டுமே அது வாசலைத் திறந்தது. சம்பளம் கொடுத்து அனுப்பும் முகாமையாளர் விளையாட்டுக்குத் தானம் செய்கிறவரல்லர். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டும் இளைஞனும் ஓடலாம் என்ற நிலைமையை அவர் உண்டாக்குகின்றார்.

முகாம் முடிந்தது. இளைஞனின் எட்டுகள் ஏழாம் தடை வரை குறுகாமல் நிற்கின்றனவாம். முன்பு ஐந்தாம் தடையிலேயே குறுகும். அவனுடைய நேரம் குறைந்தது. ஆயினும் அவன் தேசிய அணிக்குத் தெரிவாகவில்லை. அவனிலும் விரைவாக இருவர் ஓடினர். கடிதத்தில் அந்த ஒரு வாக்கியம் இல்லாதிருப்பின் அவன் எந்த முகத்துடன் கந்தோருக்குத் திரும்பியிருப்பான் என்று நினைத்துப் பார்க்கின்றேன்.

நிறுவனத்துக்குச் சொன்ன நன்மை கிட்டியதா? கிட்டியது, அவனுக்குச் சற்று வெட்கந் தரும் வகையிலே கிட்டியது. வங்கி ஒரு சிறு கட்டணத்தை நான்கு மாதங்களாக மாதத்துக்கு இருமுறை கழித்து வந்திருந்தது. அவன் இரண்டையும் "வங்கிக் கட்டணம்" என்றே பதிந்து, கணக்கு இணங்கிவிட்டதென்று திருப்தியடைந்திருந்தான். அவன் ஆசனத்தில் அமர்ந்த அந்தச் சகோதரி, ஏன் இரண்டு என்று கேட்டார். அவ்வளவே. வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தொகை பெரிதன்று. ஆனால், அவன் முகாமுக்குப் போகாதிருந்தால் அந்தக் கேள்வியை எவரும் கேட்டிரார்.

அவன் திரும்பி வந்து ஒரு பக்க அறிக்கை கொடுத்தான். அதில் இந்தத் தவறையும் தானே எழுதினான். வாக்களித்தபடி செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஐந்தாறு சக ஊழியர் அவனுடன் ஓடுகின்றனராம். அடுத்த முறை அழைப்பு வந்தால் கடிதம் எழுத அவனுக்கு என் உதவி தேவைப்படாது.

எனக்கோ 1994இன் அந்த ஆறு வரிகள் மனத்தைவிட்டு அகலவில்லை. அன்று நான் அந்த இளைஞனை அழைத்து இருத்தி, "எத்தனை வேலைநாள்? உமது விடுமுறை எத்தனை மிச்சம்? உமது வேலையை யார் பார்ப்பார்?" என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தால் போதும். களஞ்சியப் பதிவேட்டை ஆறு வாரம் இன்னொருவர் எழுதியிருப்பார். அதிலும் ஏதேனுமொன்று வெளிப்பட்டிருக்கலாம். அவன் வென்றிருப்பானா என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சப்பாத்துப் பொதி மட்டும் அத்தனை மாதங்கள் அவிழ்க்கப்படாமற் கிடந்திராது.